திருத்தி எழுத ஒரு பாடவேளை

கட்டுரை நோட்டைக் கொடுத்ததும் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், மூடி வைத்துவிடுவார்கள். நாம் ஓரத்தில் எழுதியதைப் படிக்க மாட்டார்கள். அதனால் திருத்தி எழுதி முடிக்கும்வரை மதிப்பெண் போடாதீர்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை.

1. செய்யக்கூடிய குறிப்பை எழுதுங்கள்

பெரும்பாலான ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் குடிநீர் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்கிறோம். ஒரு மாணவி எழுதுகிறாள்: 'எங்கள் தெருவில் தண்ணீர் வராததால் மிகவும் சிரமமாக உள்ளது. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.'

'இன்னும் விரிவாக எழுதவும்' என்று குறித்தால், 'மிகவும்' என்பதை 'மிக மிக' என்று மாற்றிக் கொண்டுவருவாள். எதை விரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. 'எத்தனை நாளாக வரவில்லை? இப்போது தண்ணீருக்கு எங்கே போகிறீர்கள்? இரண்டு வாக்கியம் சேர்' என்று எழுதுங்கள். அப்போது இப்படி வரும்: 'பத்து நாள்களாக எங்கள் தெருவில் குடிநீர் வரவில்லை. முதியவர்களும் அடுத்த தெருக் குழாயிலிருந்து குடம் சுமக்கிறார்கள்.'

ஒரு நோட்டுக்கு இப்படி ஒரு குறிப்பு போதும். சந்திப்பிழை இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் புள்ளி மட்டும் வையுங்கள். பிழையை அவர்களே தேடட்டும். நீங்களே 'க்', 'ச்' போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை இருக்காது.

2. வகுப்பிலேயே எழுத வையுங்கள்

வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் ஐந்து நிமிடம், 'நான் செய்ய வேண்டியது' என்று தொடங்கி, குறிப்பைத் தன் சொற்களில் ஒரு வரியாக எழுதட்டும். அந்த வரி எழுதவராத மாணவருக்குக் குறிப்பு புரியவில்லை. அவரிடம் முதலில் போங்கள்.

அடுத்த இருபது நிமிடம் குறிப்பு விழுந்த பத்தியை மட்டும் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். முழுக் கட்டுரையையும் எழுதச் சொன்னால் பழையதையே அழகான கையெழுத்தில் படியெடுப்பார்கள். அழிப்பான் கூடாது, பழைய பத்தி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

3. மாற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள்

மாற்றிய இடங்களை அடிக்கோடிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டை மாற்றிக்கொள்ளட்டும். அவர் பார்க்க வேண்டியது ஒன்றே: குறிப்பில் கேட்டது அடிக்கோட்டுக்குள் இருக்கிறதா? நோட்டு உங்களிடம் வரும்போது நீங்களும் அதை மட்டும் பாருங்கள்; பிறகு மதிப்பெண் போடுங்கள். அடிக்கோடெல்லாம் எழுத்துப்பிழையில் மட்டுமே விழுந்திருந்தால் அது திருத்தி எழுதியதாகாது.

வகுப்பில் பாதிப் பேர் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தால், குறிப்பை நிறுத்திவிட்டு அதைக் கரும்பலகையில் மறுபடி நடத்துங்கள்.

திருத்தி எழுத நேரம் ஒதுக்க முடியாத வாரத்தில் குறிப்பே எழுதாதீர்கள். அந்த உழைப்பை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.