பட்டாவில் 40.50: சென்ட்டா, ஏரா?

பென்னாகரம் பக்கம் ஒரு புன்செய் நிலம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் 1 ஏக்கர். மொபைலில் பட்டா எடுத்துப் பார்த்தால் '0 - 40.50'. "என்னங்க, அறுபது சென்ட் குறையுதே!" என்று பதற வேண்டாம்.

பத்திரத்தில் இருப்பது ஏக்கர், சென்ட் கணக்கு. பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர் கணக்கு. கோட்டுக்கு முன்னால் ஹெக்டேர், பின்னால் ஏர். 100 ஏர் சேர்ந்தால் 1 ஹெக்டேர். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். 40.50-ஐ 2.47-ஆல் பெருக்குங்கள், 100 சென்ட் வரும். அதாவது, அதே ஒரு ஏக்கர்தான்.

ஆபத்து விற்கும்போதுதான். 40.50-ஐ சென்ட் என்று நினைத்து விலை பேசினால், நாற்பது சென்ட் விலைக்கு ஒரு ஏக்கர் போய்விடும். பெருக்கிப் பார்த்த பிறகும் பல சென்ட் வித்தியாசம் வந்தால், நில அளவைக்கு விண்ணப்பியுங்கள்.