மரச்செக்கு வைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

நிலக்கடலை விளையும் பகுதிகளில், மின்சார மோட்டாரால் ஓடும் மரச்செக்கு ஒன்றை அமைத்து எண்ணெய் ஆட்டி விற்க வேண்டுமென்று நிலச்சுவான்தார்கள் பலர் கருதுகின்றனர். இத்தகைய முதலீட்டிற்குத் தயாரிக்கப்படும் உத்தேசக் கணக்கில் இறுதியில் லாபம் காணப்பட்டால் அதுவே போதுமென்று எண்ணுவது வழக்கம். ஆனால் அக்கணக்கிலுள்ள ஒவ்வொரு விலையும் ஓர் ஊகமேயாகும். எந்த ஊகம் எவ்வளவு தவறினால் முதலுக்கே மோசம் வரும் என்பதை முன்னதாக அறிவதே இக்கட்டுரையின் நோக்கம். கீழே கண்ட தொகைகள் உதாரணத்திற்காகக் கொள்ளப்பட்டவை; அவரவர் ஊர் விலைகளை இட்டு இதே முறையில் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அடிப்படைக் கணக்கு

செக்கு, மோட்டார், கொட்டகை ஆகியவற்றின் செலவு ரூ. 6,00,000 என்றும், அவை 5 வருஷம் உழைக்கும் என்றும் கொள்வோம். வருஷமொன்றுக்கு 12,000 கிலோ பருப்பு கிலோ ரூ. 100 வீதம் வாங்கப்படுகிறது. நூறு கிலோ பருப்புக்கு 40 கிலோ எண்ணெயும் 55 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கின்றன. எண்ணெய் கிலோ ரூ. 280, பிண்ணாக்கு கிலோ ரூ. 40 என விற்றால் மொத்த வரவு ரூ. 16,08,000 ஆகும். இதில் பருப்பின் விலை ரூ. 12,00,000, மின்சாரம் முதலியன ரூ. 72,000, ஆள் சம்பளமும் பழுதுபார்ப்பும் ரூ. 1,36,000 போக, மிஞ்சுவது ரூ. 2,00,000.

ஐந்து வருஷத்தில் ரூ. 10,00,000 வருகிறது, ஆகவே ரூ. 4,00,000 லாபம் என்று கூறுவது சரியன்று. அடுத்த வருஷம் வரும் நூறு ரூபாய், இன்று கையிலுள்ள நூறு ரூபாய்க்கு ஈடாகாது. கடன் வட்டி 12 சதவீதமானால் அதன் இன்றைய மதிப்பு சுமார் ரூ. 89.30 மட்டுமே; பிந்திய வருஷங்களின் வரவு இன்னும் குறையும். இவ்வாறு கழித்துப் பார்த்தால், ஐந்து வருஷம் ஆண்டுதோறும் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு ரூ. 3.605 ஆகும். எனவே ரூ. 2,00,000 வீதம் வரும் வரவு இன்று ரூ. 7,21,000 பெறும். அதில் முதலீட்டைக் கழிக்க ரூ. 1,21,000 நிற்கிறது. இதுவே நிகர நிகழ்கால மதிப்பு எனப்படும். இது பூஜ்யத்திற்கு மேலிருந்தால் தொழில் வட்டியையும் முதலையும் கட்டி மிச்சம் தரும்; கீழிருந்தால் பணத்தை வேறிடத்தில் வைப்பதே நலம். வருமான வரி இங்கே சேர்க்கப்படவில்லை. அறுவடையில் பருப்பை வாங்கி இருப்பு வைப்போர் அதில் முடங்கும் தொகையையும் முதலீட்டுடன் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல்

இனி, மற்றவற்றை அப்படியே வைத்து, ஒரே ஓர் இனத்தைப் பத்து சதவீதம் பாதகமாக மாற்றினால் ரூ. 1,21,000 என்னவாகிறது என்று காண்போம். இதற்கு உணர்திறன் ஆய்வு என்று பெயர்.

செக்கு, கொட்டகைச் செலவு கூடினால்: ரூ. 61,000 மிச்சம்
சம்பளமும் பழுதுச் செலவும் கூடினால்: ரூ. 72,000 மிச்சம்
ஆட்டி விற்கும் அளவு குறைந்தால்: ஏறக்குறைய பூஜ்யம்
பருப்பு விலை கூடினால்: ரூ. 3,11,600 நஷ்டம்
எண்ணெய் விலை குறைந்தால்: ரூ. 3,63,500 நஷ்டம்

செக்கு வாங்கும்போது சில ஆயிரங்களுக்காகப் பல நாள் பேரம் பேசுவோர், எண்ணெய் விலையை ஒரே மூச்சில் எழுதிவிடுகின்றனர். ஆனால் கொட்டகைச் செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடினாலும் முதல் தப்பும். எண்ணெய் விலையோ கிலோவுக்கு ஏழு ரூபாய், அதாவது இரண்டரை சதவீதம் குறைந்தாலே மிச்சம் முழுவதும் போய்விடும். பருப்பு விலை ரூ. 2.80 கூடினாலும் இதே கதிதான். வரவும் பருப்புச் செலவும் பெருந்தொகைகளாயிருக்க, இடையே நிற்கும் மிச்சம் சிறிதாயிருப்பதே இதற்குக் காரணம்.

எண்ணெய் காணும் விகிதமும் இவ்வாறே. நூறு கிலோவுக்கு 40க்குப் பதில் 39 கிலோ எண்ணெய் கிடைத்து, குறைந்த ஒரு கிலோ பிண்ணாக்கில் தங்கினால், நிகர மதிப்பு ரூ. 17,000 ஆகச் சுருங்குகிறது. ஈரமான அல்லது சூம்பிய பருப்பை வாங்கினாலும், உலக்கை தேய்ந்திருந்தாலும் இக்குறை நேரும். ஒவ்வோர் ஆட்டத்திலும் பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு மூன்றையும் நிறுத்துப் புத்தகத்தில் பதிந்து வந்தால்தான் இது கண்ணுக்குப் படும்.

சேர்ந்து மாறும் நிலைமைகள்

மேற்கண்ட சோதனையில் ஒரு குறையுண்டு. பருப்பு விலையும் எண்ணெய் விலையும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குவன. எனவே நடக்கக்கூடிய நிலைமைகளை முழுமையாகக் கற்பித்துப் பார்ப்பது அவசியம். இது சூழ்நிலை ஆய்வாகும்.

முதலாவது, நல்ல விளைச்சல். எண்ணெய் ரூ. 264க்கும் பிண்ணாக்கு ரூ. 37க்கும் இறங்குகின்றன, பருப்பும் ரூ. 90க்கு இறங்குகிறது. எண்ணெயின் வீழ்ச்சியை மட்டும் பார்த்தால் ரூ. 1,55,900 நஷ்டம் என்று தோன்றும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நிகர மதிப்பு ரூ. 2,05,000 ஆக உயர்கிறது.

இரண்டாவது, மழை பொய்த்த வருஷம். பருப்பு ரூ. 115, எண்ணெய் ரூ. 310, பிண்ணாக்கு ரூ. 44, விலை ஏறியதால் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அவ்வருஷ மிச்சம் ரூ. 1,25,120. ஐந்து வருஷமும் வறட்சி என்று கொள்வது மிகை. ஐந்தாம் வருஷம் மட்டும் வந்தால் நிகர மதிப்பு ரூ. 78,500, முதல் வருஷம் வந்தால் ரூ. 54,000. முதல் இரண்டு வருஷமும் தொடர்ந்தால் மிச்சம் போய்ச் சிறிது நஷ்டமே நிற்கும். தொடக்கத்தில் வரும் கஷ்டம் அதிகம் பாதிக்கும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவதே மிகக் கொடியது. பருப்பு விலை அசையாமல் எண்ணெய் மட்டும் ரூ. 14 இறங்கினால் ரூ. 1,21,000 நஷ்டம். இது வெறும் கற்பனையன்று. இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. சுத்திகரிக்கப்படாத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக்கப்பட்டு, 2025 மே மாத இறுதியில் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மலிவான எண்ணெயை நாடி வாங்குவோர் திரும்பினால், கடலை எண்ணெயின் விலை உள்ளூர் விளைச்சலுக்குச் சம்பந்தமின்றியே இறங்கக்கூடும்.

இதைக்கொண்டு செய்யத்தக்கது

சோதனையின் பயன், எந்த இடத்தில் பாதுகாப்புத் தேடவேண்டும் என்பதைக் காட்டுவதே. இங்கே ஆபத்து விலையில் இருப்பதால், விலையைச் சாராத வரவு ஒன்றைச் சேர்ப்பது நலம். செக்கு சும்மா நிற்கும் நேரத்தில், பிறர் கொணரும் பருப்பில் ஆண்டுக்கு 4,000 கிலோவைக் கிலோ ரூ. 15 கூலிக்கு ஆட்டி, செலவு ரூ. 4 போக ரூ. 11 மிஞ்சினால், வருஷம் ரூ. 44,000 சேரும். அப்போது நிகர மதிப்பு ரூ. 2,79,600 ஆகும், எண்ணெய் விலை கிலோவுக்கு ரூ. 16 வரை இறங்கினாலும் முதல் நஷ்டப்படாது. ஆனால் அவ்வளவு கூலி வேலை அந்தக் கிராமத்தில் உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் விசாரித்தறிய வேண்டும். அதுவும் ஓர் ஊகமே.

கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் கூட்டுறவுச் சங்கத்தாரும், யோசனை கேட்கப்படும் கிராம அதிகாரிகளும், ஒரே தொகையில் முடியும் கணக்கை ஏற்காமல் இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்குவது முறையாகும். எண்ணெய் விலை எவ்வளவு குறைந்தால் மிச்சம் பூஜ்யமாகும் என்பது ஒன்று. கடந்த சில வருஷங்களில் அவ்வூர்ச் சந்தையில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் இடையே நின்ற விலை வித்தியாசம் எவ்வளவு ஏறி இறங்கியது என்பது மற்றொன்று. முன்னதைவிடப் பின்னது பெரிதாயிருப்பின், கூலி வேலையோ வேறு நிலையான வரவோ உறுதியாகும் வரை செக்கு வாங்குவதை ஒத்திவைப்பதே விவேகம்.