நிழற்படத்திலிருந்து ஃபெல்ட் பொம்மை முகம்: கணினி ஆய்வகத்தில் ஒரு செய்முறை

ஒரு முகத்தின் நிழற்படத்தை ஃபெல்ட் துணிப் பொம்மை போல மாற்றச் சொன்னால், மாணவர்கள் முதலில் துணியின் படம் ஒன்றை முகத்தின் மேல் பரப்பி, அதைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு நிற்பார்கள். கிடைப்பது பொம்மையன்று; துணியில் அச்சடித்த நிழற்படம். பொம்மை செய்பவர் முகத்தைத் துண்டுகளாக வெட்டுகிறார், பஞ்சு அடைக்கிறார், ஒன்றின் மேல் ஒன்றாகத் தைக்கிறார். கணினியிலும் அந்த வரிசையில் போனால்தான் கண் நம்பும். கட்டணமின்றிக் கிடைக்கும் ஜிம்ப் 2.10 மென்பொருளில் இதை இரண்டு பாடவேளைகளில் செய்துவிடலாம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தன் படத்தை வைத்துச் செய்ததை எடுத்துக்கொள்வோம். இரட்டைச் சடை, ரிப்பன், நெற்றியில் பொட்டு, சீருடைக் கழுத்துப்பட்டி. நிழற்படம் வராந்தா நிழலில் எடுத்தது. வெயிலில் எடுத்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் விழும். பிறகு தோலின் நிறம் எது என்று தெரியாமல் போகும்.

படத்தைத் திறந்து 1200 × 1500 பிக்சலுக்கு மாற்றிய உடனே Image > Precision சென்று 32 bit floating point என்பதைத் தேர்ந்துவிட வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. பிறகு Free Select கருவியால் முகம், காதுகள், கழுத்து, தலைமுடி, இரு சடைகள், ரிப்பன்கள், கழுத்துப்பட்டி, புருவம், கண், மூக்கு, உதடு, பொட்டு ஒவ்வொன்றின் வெளிவரியையும் வரைந்து, தனித்தனி அடுக்கில் ஒரே நிறத்தால் நிரப்ப வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் படத்தின் முழு அளவில் இருக்கட்டும். இமைமயிர், பல்வரிசை, கன்னக்குழி எதுவும் வேண்டாம். கத்தரிக்கோலால் வெட்ட முடியாததைக் கணினியிலும் வெட்டக் கூடாது. ஆளை அடையாளம் காட்டுவது முகத்தின் வெளிவரியும், கண்களுக்கு இடையிலான தூரமும், முடி நெற்றியில் தொடங்கும் கோடும்தான். அவற்றை நிழற்படத்தின் மேலேயே பிசகாமல் வரைந்தால் போதும்.

நிறம் எடுக்கும் இடத்தில் ஆசிரியர் அருகில் நிற்பது நல்லது. Color Picker கருவியில் Sample average தேர்ந்து, ஒளியும் நிழலும் சேரும் கன்னப் பகுதியில் தொட்டால் சரியான நிறம் வரும். அந்த மாணவிக்கு அடர் பழுப்பு வந்தது. அவரோ அதை அழித்துவிட்டு வெளிர் ரோஸ் நிறத்தை நிரப்பினார். ஏன் என்று கேட்டேன். “அந்த நிறத்துல துணி தெரியவே மாட்டேங்குது மிஸ்” என்றார். அவர் சொன்னது உண்மை. துணி அடுக்கை Overlay முறையில் வைத்தால், அடியில் உள்ள நிறம் எவ்வளவு கருமையோ அவ்வளவு குறைவாகத்தான் இழை தெரியும். Multiply மேலும் கருக்கவே செய்யும். ஆகவே பழுப்பு முகம் வெறும் சாயம் பூசியதுபோல நிற்கிறது, வெளிர் முகத்தில் மட்டும் பொம்மை பிறக்கிறது. குறை தோல் நிறத்தில் இல்லை, அடுக்கு முறையில் இருக்கிறது. உண்மையான கரும்பழுப்பு ஃபெல்ட்டைப் பாருங்கள்: இழைகளின் நுனிகள் ஒளியைப் பிடித்து வெளிறித் தெரியும். Grain merge முறை இழையின் வெளிச்சத்தை அப்படியே கூட்டுவதால், கருமையான துணியிலும் அது தெரிகிறது. மாணவி தன் நிறத்துக்கே திரும்பினார்.

இனி துணியின் படம். கைவினைக் கடையில் கிடைக்கும் ஃபெல்ட், இல்லாவிட்டால் வீட்டுக் கம்பளி போதும். அதன் அருகே அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். அளவுகோல் எதற்கு? நம் பொம்மை 12 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் உயரம் 1500 பிக்சல். அப்படியானால் 1 செ.மீ.க்கு 125 பிக்சல். துணிப் படத்தில் அளவுகோலின் 1 செ.மீ. 250 பிக்சலாக இருந்தால், படத்தைப் பாதியாகச் சுருக்க வேண்டும். இந்த விகிதக் கணக்கைத் தவிர்த்துவிட்டு அளவுக்குமேல் சுருக்கினால் இழைகள் மிகப் பொடியாகி, பெரிய மனிதத் தலைக்குத் துணி சுற்றியதுபோல ஆகிவிடும். பொம்மை சிறியது என்று கண்ணுக்குச் சொல்வது இழையின் பருமன்தான்.

அளவு சரியானதும் படத்தின் நிறத்தை நீக்கி, Filters > Enhance > High Pass செய்தால் ஓரத்தில் இருந்த வெளிச்ச வேறுபாடு போய் இழை மட்டும் நிற்கும்.

இப்போது ஒவ்வொரு துண்டாக எடுக்கலாம். முதலில் Filters > Noise > Spread, மூன்று நான்கு பிக்சல். ஒரே நிறம் என்பதால் உள்ளே எதுவும் மாறாது. விளிம்பு மட்டும் பிசிறும். அடுத்தது பஞ்சு அடைப்பது. Layer > Transparency > Alpha to Selection செய்து, புதிய கறுப்பு அடுக்கில் அந்த வடிவத்தை வெள்ளையால் நிரப்பி, தெரிவை நீக்கிவிட்டு Gaussian Blur கொடுக்க வேண்டும்: முகத்துக்கு 50 அளவில், பொட்டுக்கு 5 போதும். இந்த மங்கல் அடுக்கைக் கொடுத்துத் துண்டின் மேல் Filters > Map > Bump Map செய்தால் அது உப்பி எழும். Azimuth 135-இல் தொடங்கி, மேல் இடப்பக்கம் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டுக்கும் அதே எண் இருக்க வேண்டும். Depth-ஐ மெல்ல மெல்லக் கூட்டலாம். கன்னத்தில் வயல் வரப்புபோல் வளையம் வளையமாகக் கோடு விழுந்தால், தொடக்கத்தில் Precision மாற்றவில்லை என்று பொருள். 8 பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள்தான். அந்தப் படிக்கட்டையே Bump Map மேடாகக் காட்டிவிடுகிறது.

அதன் பிறகு துணி அடுக்கைத் துண்டின் வடிவத்துக்கு Layer Mask மூலம் மறைத்து, Grain merge-இல் வைத்து, கீழடுக்கோடு இணைத்துவிடலாம். துண்டுக்குத் துண்டு துணிப் படத்தைத் திருப்பி வைக்க வேண்டும். முகத்தில் ஓடும் இழை அப்படியே முடியிலும் தொடர்ந்தால், மேலே ஒட்டிய படம் என்பது உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக Drop Shadow. மென்மையான ஒளி என்பது இங்கேதான் அமைகிறது. அறிவியலில் கற்பிக்கும் கருநிழல், புறநிழலை நினைவுபடுத்தலாம்: ஒளிமூலம் அகலமாக இருந்தால் புறநிழல் விரிந்து, விளிம்பு கரைகிறது. மேகமூட்டமான நாளில் நம் நிழல் தரையில் தெளிவாக விழுவதில்லை அல்லவா? ஆகவே நிழல் நகரும் தூரத்தைவிட Blur radius கூடுதலாக இருக்க வேண்டும். சட்டையின் மேல் கிடக்கும் சடைக்கு X 6, Y 8, மங்கல் 15; ஒட்டிக் கிடக்கும் பொட்டுக்கு 1, 2, 4. நிறம் கறுப்பாக இல்லாமல் அடர் பழுப்பு, Opacity 0.35 அளவில். ஜிம்ப் இந்த நிழலை அதே அடுக்கில் கலந்துவிடும் என்பதால் மற்ற வேலைகளை முடித்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

களிமண் பொம்மை வேண்டுமானால் Spread, துணி இரண்டையும் விட்டுவிடுங்கள். ஃபெல்ட்டில் பளபளப்பு கிடையாது. களிமண்ணில் அகன்ற, மங்கிய பளபளப்பு உண்டு. நெற்றியின் இடப்பக்கம் மிருதுவான தூரிகையால் வெள்ளையை 15 விழுக்காட்டில் ஒருமுறை தொட்டால் அது வரும். ஃபெல்ட் முகத்தில் பளிச்சென்ற புள்ளி பொத்தான் கண்களில் மட்டும், அதுவும் ஒளி வரும் பக்கத்தில்.

முடித்த படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பக்கத்து வகுப்பில் காட்டினோம். இரண்டாவது பெஞ்சிலிருந்தே அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ரிப்பன் மட்டும் அளவுக்குமேல் உப்பியிருக்கிறது என்றார்கள். அதன் மங்கலை 20-லிருந்து 8-ஆகக் குறைத்து அந்தத் துண்டை மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது.