தடைக்காலமும் மே மாதப் பிடித்தமும்

நான் ஏர்வாடியில் காப்பீட்டு ஆலோசகர். லாப ஆசை காட்டாமல், யாரையும் நெருக்காமல், மீனவக் குடும்பங்களுக்கு ஒரு விழிப்புணர்வு வாசகம் எழுத வேண்டும். எப்படி எழுதலாம்? – வாசகர், ஏர்வாடி

எது கிடைக்காது என்பதை முதலில் சொல்லுங்கள், சகோதரரே. இப்படி எழுதலாம்: "பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, ஆண்டுக்கு 436 ரூபாய். இது சேமிப்பு அல்ல. உயிரோடு இருந்தால் பணம் திரும்ப வராது. காப்பீடு நடப்பில் இருக்கும்போது இறந்தால், குடும்பத்துக்கு 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே."

சேரும் வயது 18 முதல் 50 வரை என்பதையும் போடுங்கள். பலர் 20 ரூபாய் சுரக்‌ஷா காப்பீட்டையும் இதையும் ஒன்றென நினைக்கிறார்கள். படகில் மாரடைப்பு வந்து ஒருவர் இறந்தால், விபத்துக்கு மட்டுமான 20 ரூபாய்த் திட்டத்தில் ஒன்றும் வராது. 436 ரூபாய்த் திட்டத்தில் வரும். வீட்டுக்கு வீடு இதை விளக்குவதே உங்கள் முக்கிய வேலை.

"இன்றே கடைசி" என்று எழுதாதீர்கள். ஆண்டின் எந்த மாதமும் சேரலாம்; செப்டம்பரிலிருந்து முதல் ஆண்டுக் கட்டணமும் குறையும். அழும் குழந்தையின் படமும் வேண்டாம்.

நம் கடற்கரைக்கென்று ஒரு வரி அவசியம். புதுப்பிப்புத் தொகையை வங்கி மே கடைசி வாரத்தில் பிடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கையில் காசு இருக்காது. கணக்கு காலியாக இருந்தால் ஜூன் 1 முதல் காப்பீடு இல்லை. ஆகவே, "இரண்டு திட்டத்துக்குமாக 456 ரூபாயை ஏப்ரலிலேயே கணக்கில் போட்டு வையுங்கள்" என்று முடியுங்கள்.