யார் கை, தம்பி?

கடந்த தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த ஒரு படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். கூடவே நான் எழுதிய வரி இதுதான்: "ஏழு வருஷமா நான் பிடிச்ச கை. இந்த வருஷம் தங்கச்சி." நிறைய பேர் இதயம் போட்டார்கள். அன்று இரவு எங்கள் இளைஞர் பிரிவில் முன்பு செயலாளராக இருந்த அண்ணன் குரல் பதிவு அனுப்பினார். அவருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வழியாகத்தான் கைப்பேசியைப் பயன்படுத்துவார்.

"யார் கை, தம்பி? படத்துல ரெண்டு பேர் இருக்கலாம்னு மட்டும் போன் சொல்லுது. நல்ல செய்தியா, கெட்ட செய்தியான்னே புரியல. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?"

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதியதில் தப்பு இல்லை; ஆனால் அந்த வரி படத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. படம் போய்விட்டால் வரியும் விழுந்துவிடும். நாம் எதுவும் எழுதாவிட்டால் இன்ஸ்டாகிராம் தானாகவே ஓர் ஊகத்தை வைத்துவிடுகிறது. அது ஆள் கணக்குச் சொல்லும், அப்பா யார், தங்கச்சி யார் என்று சொல்லாது.

உடனே உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதி, முதலில் அவருக்கே அனுப்பினேன். "பக்தி ததும்பும் அழகான தருணம். 272 படிகளில் ஏறும் அப்பாவும் பாசமிகு தங்கையும்." அண்ணன் சிரித்துவிட்டார். "அழகுன்னு நீயே சொல்லிட்டா நான் என்னத்தைப் பாக்குறது? படியை எண்ணியா பார்த்தே? கை எங்கடா?"

உண்மைதான். கையைப் பற்றி எழுதிவிட்டு, விளக்கத்தில் கையையே விட்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்: யார், என்ன செய்கிறார்கள், எங்கே. அதன்பின், என் சொந்த வரி படத்தின் எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடம். மாற்றி எழுதியது இப்படி வந்தது:

"படத்தில்: அப்பா, மஞ்சள் வேட்டியில், வெறுங்காலோடு, தலையில் பால்குடத்துடன் பத்துமலைப் படியில் நிற்கிறார். ஒரு கையால் குடத்தைப் பிடித்திருக்கிறார். தங்கை ஒரு படி மேலே நின்று அவருடைய மற்றொரு கையைப் பிடித்திருக்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள்."

நான்கு வாக்கியம், போதும். பின்னால் நின்ற கூட்டம், வண்ணப் படிகள், மூலையில் தெரியும் குரங்கு எதுவும் வேண்டாம். என் வரி அவற்றைத் தொடவில்லை. நான் வெளியூரில் வேலைக்குப் போனதால்தான் இந்த வருஷம் தங்கச்சி பிடித்தாள். ஆனால் அது படத்தில் இல்லை. கண்ணுள்ளவர்களுக்கும் தெரியாத சங்கதி அது, அதனால் சொல்வதானால் சொந்த வரியில் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு மட்டும் இருக்கட்டும் என்று வைத்தேன். அண்ணன் பயந்துபோய்க் கேட்ட கேள்விக்குப் பதில் அதில்தானே இருக்கிறது.

இதை எங்கே போடுவது? ஏற்கெனவே போட்ட படம் என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு Edit போங்கள்; படத்தின் மேல் Edit alt text என்று வரும். அங்கே எழுதுவது திரைவாசிப்பானுக்கு மட்டும் கேட்கும், மற்றவர் கண்ணில் படாது. ஆனால் என் பாட்டி மாதிரி பார்வை மங்கி, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது எட்டாது. அதனால் நான் சொந்த வரிக்குக் கீழே ஒரு வரி இடம்விட்டு, "படத்தில்:" என்று தொடங்கி வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். புலனக் குழுவில் அனுப்பும்போதும் இதையே படத்தோடு ஒட்டிவிடலாம்.

இன்னொன்று, நம்ம பசங்களுக்கு. "appavoda kai" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறோம் இல்லையா, அதை ஆங்கிலக் குரல் ஆங்கிலச் சொல்லாகவே உச்சரிக்கப் பார்க்கும். அண்ணன் அதைப் போட்டுக் காட்டினார், எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. தமிழ் எழுத்தில் இருந்தால், போனில் தமிழ்க் குரல் ஏற்றியிருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். கும்பிடும் கை எமோஜியை ஆறு தடவை போட்டால் அதன் பெயரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். விளக்கம் அதற்குப் பின்னால் காத்திருக்கும்.

சேர்த்துவிட்டு அண்ணனுக்குச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் அடுத்த குரல் பதிவு.

"வெறுங்காலா? எத்தனை மணிக்குடா ஏறுனீங்க? வெயில்ல படி சுட்டிருக்குமே அப்பாவுக்கு!"

காலை ஆறரை மணி, சுடவில்லை என்று பதில் போட்டேன்.