கிளிப் முதல்லயா, கடைசியிலயா? மண்டைக்காடு கடற்கரைக்கு ஒரு QGIS மாடல்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிப்பில் மூன்று தூரங்கள் முக்கியம். கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. அதுக்குள்ளேயே, கிராமப்புறக் கடற்கரையில் புதுசா கட்டக்கூடாத பட்டை ஒன்று இருக்கு. 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழ்ற இடம்னா அது 50 மீட்டர், இல்லைன்னா 200 மீட்டர். கரையை ஒட்டியே குடியிருக்கும் நம்ம மண்டைக்காடு புதூர் மாதிரி ஊருக்கு 50க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு சொல்லத் தேவையில்லை.

இந்த மூணு பட்டையையும் வரைய ரீப்ரொஜெக்ட், பஃபர், டிஸால்வ், கிளிப்னு நாலு வேலை. மூணு தூரத்துக்கும் சேர்த்தா பன்னிரண்டு தடவை. அடுத்து குளச்சல், மணவாளக்குறிச்சின்னு போனா திரும்பவும் முதல்லேருந்து. அதனால்தான் மாடல்.

QGIS-ல் Ctrl+Alt+G அழுத்தினா மாடல் திரை திறக்கும். இடதுபக்க Inputs-லிருந்து இரண்டு Vector Layer, ஒரு Number எடுத்துப் போடுங்க. முதல் லேயர் கடற்கரைக் கோடு (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கிடைக்கும்), இரண்டாவது ஊர் எல்லை, எண்தான் தூரம். அப்புறம் Algorithms-லிருந்து இந்த வரிசையில் இழுத்து விடுங்க:

```
Reproject layer (EPSG:32643) → Buffer → Dissolve → Clip
```

ஒவ்வொரு பெட்டியிலும் இன்புட் பக்கத்தில் இருக்கும் சின்ன பட்டனில் Algorithm Output-ஐத் தேர்ந்தெடுத்து, முந்தின பெட்டியோட இணைக்கணும். பஃபரின் தூரத்துக்கும் கிளிப்பின் Overlay layer-க்கும் Model Input. கடைசி கிளிப்புக்கு மட்டும் அவுட்புட் பெயர் கொடுங்க. மத்ததெல்லாம் தற்காலிகம்.

ரீப்ரொஜெக்ட்டை விட்டுடாதீங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோடு டிகிரியில் வரும். அதுல 200னு கொடுத்தா 200 டிகிரி, உலகத்தையே மூடிடும். 32643 மீட்டர் கணக்கு. நம்ம மாவட்டம் விழுவது அந்த UTM 43 வடக்கு மண்டலத்தில்.

இப்போ வரிசைக்கு வருவோம். ஊர் எல்லைக்குள் இருப்பதை மட்டும் முதலில் வெட்டி எடுத்து அப்புறம் பஃபர் போடலாமேன்னு தோணும். கடற்கரையில் அது கவுத்திடும். ஊர் எல்லையை வரைந்தவர் வேற, கடற்கரைக் கோட்டை வரைந்தவர் வேற. இரண்டும் சில மீட்டர் விலகித்தான் இருக்கும். கோடு எல்லைக்கு வெளியே கடல் பக்கம் போன இடத்திலெல்லாம் கிளிப் அதைத் தூக்கி எறிஞ்சிடும். மிஞ்சுவது துண்டு துண்டான கோடு. 50 மீட்டர் பட்டையில் ஓட்டை விழும். மாடல் ஒரு எர்ரரும் காட்டாது, வெற்றிகரமா முடிஞ்சதுன்னுதான் சொல்லும். முழுக்கோட்டுக்கும் பஃபர் போட்டுக் கடைசியில் கிளிப் செஞ்சா இந்தப் பிரச்சினை இல்லை. கடல் பக்கம் விழுந்த பாதிப் பட்டையும் அந்த ஒரே வெட்டில் போயிடும்.

இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கோடு ஊரின் இரண்டு பக்கமும் 500 மீட்டருக்கு மேல் நீண்டிருக்கணும். எல்லையிலேயே முடிஞ்சா, பஃபரின் உருண்டை முனையில் அந்த இடத்துப் பட்டை தப்பா வரும். குளச்சலிலிருந்து முட்டம் வரை எடுத்துக்கிட்டா கவலையில்லை.

டிஸால்வ் எதுக்குன்னு கேட்பீங்க, படத்தில் வித்தியாசமே தெரியாதே. தெரியாதுதான், ஆனா பரப்பளவில் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கடற்கரை ஒரே கோடாக இருக்காது, பல துண்டுகளாக இருக்கும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் இரண்டு பஃபரும் ஒன்றன்மேல் ஒன்று விழும். மேலே விழுந்த பகுதி கிட்டத்தட்ட ஒரு முழு வட்டம். தூரம் 500 மீட்டர்னா, கால் வட்டத்துக்கு 5 துண்டு என்ற QGIS-இன் வழக்கமான அமைப்பில், அது சுமார் 77 ஹெக்டேர். நிலப்பக்கம் பாதி, 38 ஹெக்டேருக்கு மேல். ஊருக்குக் கடற்கரை 2 கிலோமீட்டர்னு வைங்க. 500 மீட்டர் பட்டை சுமார் 100 ஹெக்டேர்தான் வரணும். நடுவில் ஒரே ஒரு இணைப்பு இருந்தாலும், டிஸால்வ் இல்லாம கூட்டினா 138 வரும்.

சரிபார்ப்பதும் இதே வழிதான். முடிவு லேயரின் அட்ரிபியூட் டேபிளில் ஒரே ஒரு வரி இருக்கணும். Field Calculator-ல் இதைப் போடுங்க:

```
round($area / 10000, 2)
```

கரை நீளத்தைத் தூரத்தால் பெருக்கினா வருவதுக்குப் பக்கத்தில் இருக்கணும். கரை வளைஞ்சிருந்தா கொஞ்சம் கூடக்குறைய வரும். ஒன்றரை மடங்கு வந்தா டிஸால்வ் பெட்டி இணைப்பைப் பாருங்க. ரொம்பக் குறைஞ்சா ஊர் எல்லையை.

மாடலை `.model3` கோப்பாகச் சேமிச்சா Processing Toolbox-ல் வந்துடும். அதை ரைட் கிளிக் பண்ணி Execute as Batch Process… கொடுத்து, மூணு வரியில் 50, 200, 500னு நிரப்பினா மூணு பட்டையும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். அடுத்த ஊருக்கு எல்லை லேயரை மட்டும் மாத்தினா போதும்.

இந்தப் படத்தை வச்சு யார் வீடு உள்ளே, யார் வீடு வெளியேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சட்டப்படி செல்லும் உயர் அலைக்கோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருப்பது இல்லை. அது அரசு அங்கீகரித்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் இருக்கும். அந்தக் கோடு உங்க கைக்கு வந்தா, முதல் லேயரில் அதைக் கொடுத்து இதே மாடலை ஓட்டலாம்.