சர்வர் தானே அணையும் என்று காத்திருக்காதீர்கள்

நம்பிக்கை: ஏசி நின்றாலும் பயமில்லை, சூடு ஏறினால் சர்வர் தானாக அணைந்துகொள்ளும்.

சர்வர் அறை உள்ள அலுவலகங்களில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது தவறு.

2018 செப்டம்பர் 4, அமெரிக்காவின் டெக்சாஸ். அங்கே விடியற்காலை 3:42 மணிக்கு, மின்னலால் மைக்ரோசாஃப்டின் அசூர் தரவு மையம் ஒன்றுக்கு வரும் மின்னழுத்தம் எகிறியது. தடுப்புக் கருவிகள் இருந்தும் குளிரூட்டும் இயந்திரங்கள் நின்றன. அமைப்பில் தேங்கியிருந்த குளிர்ச்சி கொஞ்ச நேரம் தாங்கியது. அது தீர்ந்ததும் தானியங்கி நிறுத்தம் தொடங்கத்தான் செய்தது. ஆனால் சில பகுதிகளில் சூடு அதைவிட வேகமாக ஏறியது. அணைவதற்குள் ஏராளமான சேமிப்பு சர்வர்கள் பழுதாகிவிட்டன.

உங்கள் அறைக்கே கணக்குப் போடுங்கள். 60 கன மீட்டர் அறையில் சுமார் 72 கிலோ காற்று இருக்கும். 5 கிலோவாட் சூடு அதை ஒரு டிகிரி ஏற்ற 15 நொடி போதும். சுவரும் இரும்பும் சூட்டை உறிஞ்சுவதால் நடைமுறையில் வேகம் குறையும். ஆனாலும் 24 டிகிரியிலிருந்து, பல சர்வர்களின் வரம்பான 35 டிகிரிக்குப் போக நெடுநேரம் ஆகாது. கரண்ட் போனால் யுபிஎஸ் சர்வரைத்தான் ஓட்டும், ஏசியை ஓட்டாது. சூடு மட்டும் தொடர்ந்து சேரும்.

நம்பிக்கை: ஏசி வந்ததும் எல்லாவற்றையும் ஆன் செய்துவிடலாம்.

கூடாது. டெக்சாஸில் முதலில் மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றி நிலைப்படுத்தினார்கள். பிறகு சேமிப்பகத்துக்கான லோட் பேலன்சர்களை மீட்டார்கள். அதன்பின் பழுதான பாகங்களை மாற்றி, தரவை நல்ல சர்வர்களுக்கு நகர்த்தி, அது சிதையவில்லை என்று சரிபார்த்தார்கள். வேறு மையத்துக்கு உடனே தாவவில்லை. அங்கிருந்த நகல் சற்றுப் பின்தங்கியிருந்ததால் தாவினால் கொஞ்சம் தரவு போயிருக்கும்.

நம்பிக்கை: 16 டிகிரியில் வைத்தால் பாதுகாப்பு.

மின்கட்டணம்தான் ஏறும். ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது, சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி.

நான் ஓயாமல் கேட்பது ஒன்று: ஒழுங்கான அறிக்கை. "ஏசி பழுது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதுவது அறிக்கையே அல்ல. ஏசி எத்தனை மணிக்கு நின்றது, ரேக்கின் முன்பக்கம் மேல்தட்டில் எந்த நிமிடம் எத்தனை டிகிரி, எந்தச் சர்வரை யார் எப்போது அணைத்தார், மீட்டபோது எது முதலில் எழுந்தது, அடுத்த வாரங்களில் எந்த டிஸ்க் செயலிழந்தது என்று எழுதுங்கள். அதற்கு ஏசியின் திரையை நம்பாமல், யுபிஎஸ்ஸில் ஓடும் தனி வெப்ப உணரி ஒன்றை ரேக்கில் பொருத்தி, 30 டிகிரியில் உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை வரச் செய்யுங்கள். எச்சரிக்கை வந்தால் முக்கியமில்லாத சர்வர்களை முதலில் நீங்களே முறைப்படி அணையுங்கள்.